காதுச் சொட்டு மருந்து: குப்பியின் வெதுவெதுப்பும் தலை வைக்கும் நிலையும்

புறச்செவித் தொற்று என்பது பெரும்பாலும் ஈரத்தால் வரும் நோய். சேர்வராயன் மலையிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மழை விட்டாலும் மூடுபனி விடுவதில்லை. தலைக்குக் குளித்த கூந்தல் உலர அரைநாள் ஆகிறது. காப்பித் தோட்டத்தில் தலையைப் போர்த்திக்கொண்டு வேலை செய்பவர்களின் காதுகள் பகல் முழுவதும் நனைந்த துணிக்குள் இருக்கின்றன. காதுவலியோடு வருவோருக்கு மருத்துவர் சிறு குப்பி ஒன்றை எழுதித் தருகிறார். சீட்டில் ‘நான்கு சொட்டு, இருவேளை’ என்று இருக்கும். அந்த நான்கு சொட்டும் காதுக்குள் எவ்வாறு சென்று சேரவேண்டும் என்பதைச் சீட்டில் எழுத இடமில்லை. அதை விளக்குவதற்கே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வரும்போது காது அடைத்துக்கொள்வது வேறு. அது செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவியில் காற்றழுத்தம் மாறுவதால் வருவது. எச்சிலை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ பெரும்பாலும் தானே விலகிவிடும். புறச்செவித் தொற்று செவிப்பறைக்கு முன்னால், வெளியிலிருந்து உள்ளே செல்லும் குழலின் தோலில் உண்டாவது. காதுத்துளைக்கு முன்னால் சிறு மேடாக நிற்கும் குருத்தெலும்பை விரலால் அழுத்தும்போது, அல்லது காதுமடலைப் பிடித்து இழுக்கும்போது சுள்ளென்று வலித்தால், தொற்று பெரும்பாலும் இந்தக் குழலில்தான் இருக்கிறது. பிந்தையதற்கே சொட்டு மருந்து. வளைவில் காது அடைத்ததற்கு வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் சொட்டு மருந்தை எடுத்து விடுவதில் பயனில்லை.

இந்தச் செவிக்குழல் வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேரான குழாயன்று, சற்றே வளைந்து, உட்கோடியில் செவிப்பறையால் அடைபட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த குகைபோல் இருப்பது. அதன் சுவரில் உள்ள மெழுகு போன்ற குறும்பி, இயல்பிலேயே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. நீரை ஒட்டவிடாமலும் கிருமிகளைப் பெருகவிடாமலும் காப்பது. பஞ்சுக்குச்சியும் ஊக்கும் தீக்குச்சியும் செய்கிற முதல் தீங்கு, இந்தக் காப்பை வழித்தெடுப்பதுதான். அதன்பின் ஈரம் தோலை ஊறவைக்கிறது. சிறு கீறல் வழியே கிருமி நுழைகிறது. தோல் வீங்கிக் குழல் குறுகுகிறது. நோய் இருக்குமிடம் தோலின் மேற்பரப்பு. ஆகவே மருந்தை நேரே அந்தப் பரப்பில் நிறுத்தினால், மாத்திரை வழியாக இரத்தத்தில் கலந்து அங்கு வந்துசேரும் அளவைவிடப் பன்மடங்கு செறிவு கிடைக்கிறது. சிக்கலற்ற புறச்செவித் தொற்றுக்கு மாத்திரை தராமல் சொட்டு மருந்து மட்டும் தருவதற்குக் காரணம் இதுவே. மருத்துவர் சிக்கனம் பார்க்கிறார் என்று சிலர் நினைப்பதுண்டு, அவ்வாறன்று.

குளிர்ந்த மருந்தும் தலைச்சுற்றலும்

மருந்துக் குப்பியைக் கையில் பிடித்து வெதுவெதுப்பாக்கிய பின்னரே காதில் விடவேண்டும் என்பது வெறும் இதத்துக்காகச் சொல்லப்படுவதன்று. அதற்குப் பின்னால் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. வியன்னா நகரில் காது மருத்துவராகப் பணியாற்றிய இராபர்ட் பாரனி, நோயாளிகளின் காதை நீரால் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றுவதையும், கண்மணிகள் பக்கவாட்டில் துடிப்பதையும் கண்டார். ஒரு நோயாளி, நீர் போதிய சூடில்லாதபோதுதான் தலை சுற்றுகிறது என்றார். அடுத்த முறை செவிலி கொண்டுவந்த நீர் மிகுந்த சூடாக இருந்தது; அப்போதும் தலை சுற்றியது; ஆனால் கண் எதிர்த்திசையில் துடித்தது. குளியலறைக் கொதிகலனில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் நிற்பதைத் தாம் முன்பு கவனித்திருந்தது பாரனிக்கு நினைவுக்கு வந்தது. உட்செவியில் அரைவட்டக் குழல்கள் மூன்றினுள்ளும் ஒருவகை நீர்மம் உண்டு. தலை அசைவதை மூளைக்கு உணர்த்துவது அதுதான். செவிக்குழலுக்கு அருகில் இருக்கும் குழலின் ஒரு பகுதி குளிர்ந்தால் அங்குள்ள நீர்மம் கனத்துக் கீழிறங்குகிறது, சூடானால் மேலெழுகிறது. உடல் அசையாதபோதும் நீர்மம் நகர்வதால், தான் சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது. அரைவட்டக் குழல்களைப் பற்றிய இவ்வாய்வுகளுக்காகவே 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு பாரனிக்கு வழங்கப்பட்டது. பரிசுச் செய்தி வந்தபோது அவர் இரசியாவில் போர்க்கைதியாக இருந்தார்.

இன்றும் உட்செவியைச் சோதிக்க 30 டிகிரி நீரும் 44 டிகிரி நீரும் காதில் செலுத்தப்படுகின்றன. உடலின் வெப்பம் 37 டிகிரி. அதாவது ஏழு டிகிரி குறைந்தாலும் ஏழு டிகிரி கூடினாலும் தலைச்சுற்றல் வரும் என்பதே அச்சோதனையின் அடிப்படை. சோதனையில் செலுத்தப்படும் நீர் மிகுதி. நாம் விடுவது சில சொட்டுகளே. ஆயினும் மார்கழிக் காலையில் ஏற்காட்டு வீட்டின் சன்னல் ஓரத்தில் இருக்கும் குப்பி 15 டிகிரியில் இருக்கக்கூடும். உடல் வெப்பத்தைவிட 22 டிகிரி குறைவு. எல்லாருக்கும் தலை சுற்றாது. சுற்றுகிறவர்களுக்கு நன்றாகவே சுற்றும்.

மருந்து உறையில் உள்ள தாளில் குப்பியை ஒன்றிரண்டு நிமிடம் கையில் பிடித்திருக்குமாறு எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அது சாதாரண அறை வெப்பத்துக்கு ஏற்ற கணக்கு. மலைக் குளிரில் குப்பி மட்டுமன்றிப் பிடிக்கும் கையும் குளிர்ந்திருக்கிறது. எனவே முதலில் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். காப்பித் தம்ளரை இரு கைகளாலும் சற்று நேரம் பற்றியிருந்தாலே போதும். பிறகு குப்பியை உள்ளங்கைக்குள் பொதிந்து நான்கைந்து நிமிடம் வைத்திருங்கள். கை சூடேறாத முதியவர்கள் குப்பியை மூடியோடு அக்குளிலோ இடுப்புச் சேலை மடிப்பிலோ பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். விடுவதற்கு முன் ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். குளிராகவும் தெரியக்கூடாது, சூடாகவும் தெரியக்கூடாது. ஈரம் மட்டுமே தெரியவேண்டும்.

அடுப்பருகில் வைப்பதும், வெந்நீர்ச் செம்பில் போடுவதும், நுண்ணலை அடுப்பில் வைப்பதும் கூடவே கூடாது. சூட்டைக் கையால் அளக்க முடியாத இந்த வழிகளில் மருந்தின் ஆற்றல் கெடலாம்; வீங்கிய தோலும் செவிப்பறையும் வெந்துபோகலாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. தொற்றுள்ள காதுக்கு அது இரட்டைத் தீங்கு: சூடு தவறினால் புண், சூடு சரியாக இருந்தாலும் எண்ணெய்ப் படலம் ஈரத்தையும் அழுக்கையும் குழலுக்குள் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது, மருந்தையும் தோலில் படவிடாது.

ஒரு வீட்டில் நடப்பது

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஐம்பத்திரண்டு வயதுத் தாய்; காப்பிப் பழம் பறிப்பவர். வலக் காதில் நான்கு நாளாக வலி. மருத்துவர் காதுக்குள் பார்த்து, செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று உறுதிசெய்து, ஏழு நாளுக்கு நாளிருவேளை நான்கு சொட்டு எழுதியிருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தாய் நாற்காலியில் அமர்ந்து தலையைச் சற்றே சாய்க்க, மகள் சன்னலில் இருந்த குப்பியை எடுத்து அப்படியே விடுகிறார். முதல் இரண்டு சொட்டு காதின் வாயிலிலேயே நின்று கழுத்தில் வழிகிறது. மூன்றாவது உள்ளே சென்றதும் அறையே சுழல்வதுபோல் இருக்கிறது. “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று தாய் முடிவுகட்டிவிடுகிறார். இத்தகைய இடத்தில்தான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மருந்தில் குறையில்லை, குளிர்ந்த குப்பியும் நிமிர்ந்த தலையும் செய்த வேலை அது.

அவ்வாறு சுற்றினால் எழுந்து நடக்கக்கூடாது. அந்தத் தலைச்சுற்றலால் காதுக்குக் கேடில்லை; விழுந்து அடிபடுவதுதான் கேடு. படுத்தபடியே கண்ணைத் திறந்து, சுவரில் உள்ள நாட்காட்டி போன்ற அசையாத பொருள் ஒன்றை உற்றுப் பார்க்கவேண்டும். பார்வை ஓரிடத்தில் நிலைகொள்ளும்போது சுழற்சி விரைவில் தணியும். ஓரிரு நிமிடங்களில் அடங்குவது குளிர் மருந்தின் தலைச்சுற்றல். நன்கு வெதுவெதுப்பாக்கி விட்ட பின்னும் சுற்றினாலோ, நீண்ட நேரம் அடங்காவிட்டாலோ, காது முன்னைவிட மந்தமானாலோ அடுத்த வேளை மருந்தை விடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

அதே வீட்டில் மாலையில் சரியாகச் செய்யும் விதத்தைப் பார்ப்போம். மகள் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொள்கிறார். குப்பியை ஐந்து நிமிடம் கைக்குள் வைத்திருக்கிறார். மருந்து கலங்கலாக இருக்கும் வகையாதலால் நன்றாகக் குலுக்குகிறார். தெளிந்த மருந்துக்கு இது தேவையில்லை. தாய் தலையணையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறார். நோயுள்ள வலக் காது கூரையை நேராகப் பார்க்கிறது. நாற்காலியில் தலை சாய்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சாய்த்த தலையில் குழல் சரிவாக நிற்கும். மருந்து பாதி வழியில் தேங்கும் அல்லது வெளியே வழியும். படுத்த தலையில் குழல் கிணறுபோல் செங்குத்தாக நிற்பதால் மருந்து தன் எடையாலேயே அடிவரை இறங்கும். காதின் வெளியே கசிந்திருக்கும் சீழைச் சுத்தமான பஞ்சால் ஒற்றி எடுக்கிறார். உள்ளே எதையும் நுழைக்கவில்லை.

பிறகு காதுமடலின் மேற்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக மெல்ல இழுக்கிறார். வளைந்த குழல் நேராவது இவ்வாறுதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குழலின் அமைப்பு வேறு. அவர்களுக்கு மடலின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் கீழும் பின்னுமாக இழுக்கவேண்டும். மடலைத் தொட்டாலே வலிக்கும் நிலையில், நோயாளியே தம் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டால் வலி பொறுக்கக்கூடியதாக இருக்கும். எந்த அளவில் நிறுத்துவதென்று அவருக்குத்தானே தெரியும்.

சொட்டுகளைத் துளையின் நடுவில் விடாமல் அதன் பக்கச் சுவரில் படும்படி ஒவ்வொன்றாக விடவேண்டும். ஒரு பக்கம் அடைபட்ட குழல் என்று முன்பே சொன்னோம். குறுகிய வாயை மருந்து மொத்தமாக அடைத்துக்கொண்டால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லை. குறுகிய கழுத்துள்ள சீசாவில் எண்ணெய் ஊற்றும்போது மேலேயே நின்றுவிடுவதுபோல் மருந்தும் நின்றுவிடும். சுவரோரம் வழிந்தால் காற்று வெளியேறி மருந்து உட்செல்லும். குப்பியின் முனை காதில் படக்கூடாது; பட்டால் கிருமி குப்பிக்குள் செல்லும்.

நான்கு சொட்டும் விட்டபின், காதுத்துளைக்கு முன்னால் உள்ள அந்தச் சிறு குருத்தெலும்பை மெல்ல அழுத்தி விடுவதை ஐந்தாறு முறை செய்கிறார் மகள். கைப்பம்பு போன்று இது மருந்தை உள்ளே தள்ளுகிறது. மருந்து சென்று சேர்ந்ததற்கு அடையாளம் நோயாளியிடமே இருக்கிறது. “உள்ளே இறங்கிவிட்டதா அம்மா?” என்று கேட்டால், காதின் ஆழத்தில் ஈரம் இறங்கியதும் கேட்பது சற்று மந்தமானதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த உணர்வு வரவில்லையென்றால் மருந்து இன்னும் வாயிலில்தான் நிற்கிறது. மடலை மீண்டும் சற்று அசைத்து, அழுத்தி விடவேண்டும். மேலும் இரண்டு சொட்டு விடுவது தீர்வாகாது.

இனி ஐந்து நிமிடம் அசையாமல் அப்படியே படுத்திருக்கவேண்டும். பெரும்பாலோர் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். மருந்து தோலில் ஊற நேரம் வேண்டும். உடனே எழுந்தால் விட்டதில் பாதி துண்டுக்குத்தான் போகும். ஐந்து நிமிடத்துக்குப் பின் மெல்ல எழுந்து, வெளியே வழிவதைத் துடைத்துக்கொள்ளலாம். பஞ்சைத் துளைக்குள் திணித்து அடைத்தால் அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். இரு காதிலும் நோய் இருந்தால், முதல் காதுக்கு ஐந்து நிமிடம் முழுமையாக முடிந்தபின்னரே மறுபக்கம் திரும்பிப் படுக்கவேண்டும். துள்ளும் குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் படுக்கவைத்து, ஒருவர் தலையைத் தாங்க மற்றவர் விடுவது நலம். உறங்கும் வேளையிலும் விடலாம். அப்போதும் மருந்து வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், குளிர்ந்தால் அலறி எழுந்துவிடும்.

குழல் வீங்கி முழுவதும் மூடியிருந்தால் மருத்துவர் உள்ளே ஒரு சிறு திரியை வைப்பார். சொட்டு அந்தத் திரியின்மேல் விழவேண்டும். அது ஊறி உள்ளே கொண்டுசெல்லும். அதை நீங்களாக இழுத்து எடுக்கவேண்டா. வீக்கம் வடிந்தபின் அது தானே வெளியே விழுந்தால் அச்சமில்லை. மருத்துவரிடம் தெரிவித்தால் போதும்.

மருந்து முடியும் வரை

நான்கு சொட்டு, இருவேளை, ஏழு நாள் என்றால் மொத்தம் 56 சொட்டு. ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 20 சொட்டு என்று கொண்டால் இது மூன்று மில்லிலிட்டருக்கும் குறைவு. ஐந்து மில்லிலிட்டர் குப்பி ஐந்தாம் நாளிலேயே காலியானால், எங்கோ கூடுதலாக விடப்படுகிறது அல்லது வழிந்து வீணாகிறது என்று அறியலாம். ஏழாம் நாளில் குப்பி ஏறத்தாழ முழுதாகவே இருந்தால் வேளைகள் தவறியிருக்கின்றன. வலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கும். அத்தோடு நிறுத்திவிட்டால் தோலின் மடிப்புகளில் எஞ்சிய கிருமி மீண்டும் பெருகும். மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் விடுங்கள். மிஞ்சியதை அடுத்த மழைக்காலத்துக்கென்று எடுத்துவைக்க வேண்டா. குப்பியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதிவைத்து, சிகிச்சை முடிந்ததும் எறிந்துவிடுங்கள். காதுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட மருந்தைக் கண்ணில் விடக்கூடாது. இரண்டு குப்பிகளும் ஒரே அளவில் இருப்பதால் இது நேரக்கூடிய தவறுதான்.

அந்நாட்களில் காதுக்குள் நீர் போகக்கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வாயிலில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். கிளியூர் அருவிக் குளியலையும் எண்ணெய்க் குளியலையும் நலம் பெறும்வரை தள்ளிவையுங்கள்.

சொட்டு விட்டதும் சற்றே எரிவது இயல்பு. ஆனால் தொண்டையில் மருந்தின் கசப்பு தெரிந்தால் அதைக் கவனியுங்கள். முழுமையான செவிப்பறை மருந்தை உள்ளே விடாது. தொண்டைவரை வந்ததென்றால் பறையில் ஓட்டை இருக்கலாம். ஜென்டமைசின், நியோமைசின் போன்ற சில மருந்துகள் அவ்வழியே உட்செவியை அடைந்தால் கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடும். அத்தகைய காதுக்கு வேறு மருந்து உண்டு. எனவே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு எப்போதேனும் பறை கிழிந்திருந்தாலோ, காது அறுவை செய்திருந்தாலோ அதை முதல் நாளே சொல்வது மேலும் நலம். வலி தணிந்தபின் அரிப்பு மிகுந்து, காதில் கரும்புள்ளிகளோடு நனைந்த தாள் போன்ற அழுக்கு தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். பழைய குப்பியை மேலும் விட்டால் அது வளரவே செய்யும்.

மூன்று நாள் முறையாக விட்டும் வலி குறையாவிட்டால், வீக்கம் காதின் பின்புறமோ கழுத்துக்கோ பரவினால், காய்ச்சல் வந்தால் காத்திராமல் வாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒரு சொல் கூடுதலாக. இரவில் உறங்கவிடாத ஆழ்ந்த வலி, முகத்தின் ஒரு பக்கம் தளர்வது ஆகியவை தொற்று குழலின் எலும்புக்குள் சென்றுவிட்டதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அதற்குச் சொட்டு மருந்து போதாது. நரம்பு வழி மருந்தும் நீண்ட சிகிச்சையும் தேவை. அன்றே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, காது மூக்கு தொண்டைப் பிரிவுள்ள இடத்துக்குச் செல்லவேண்டும். செல்லும்போது மருந்துச் சீட்டையும், பாதி காலியாகியிருந்தாலும் அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு விடப்பட்டது என்பதை அங்குள்ள மருத்துவர் அதைப் பார்த்தே அறிந்துகொள்வார்.